ஊறவைத்த வெந்தயம்: குடிக்க வேண்டியது தண்ணீரா, தின்ன வேண்டியது விதையா?

அம்மாப்பேட்டையிலிருந்து: மேடம், ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போட்டுக் காலையில் வடிகட்டித் தண்ணீரை மட்டும் குடிக்கிறேன். விதையை ரோஜாச் செடிக்குக் கொட்டிவிடுகிறேன். இதில் சுகர் குறையுமா?

சர்க்கரைக்காக நீங்கள் வாங்கிய சரக்கில் பெரும்பங்கு ரோஜாச் செடிக்குப் போகிறது. வெந்தயத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி நார்ச்சத்து. அதில் கரையும் நார் தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் பசையாக இருக்கிறது. ஊறிய விதையை விரலில் நசுக்கினால் வழவழவென்று வருகிறதே, அதுதான். அது குடலில் சோற்றோடும் இட்லியோடும் கலந்து கெட்டியாகி, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். ராத்திரி முழுக்க ஊறினாலும் இந்தப் பசை விதைக்குள்ளேயே உப்பி நிற்குமே தவிர, தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான்.

வெந்தயத்தால் சர்க்கரை இறங்கியது என்று காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது விதைப் பொடி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1990ஆம் வருட ஆய்வில் நாளுக்கு 100 கிராம், கொழுப்பு நீக்கிய பொடி, ரொட்டியில் சேர்த்துக் கொடுத்தார்கள். அவ்வளவை வீட்டில் யாரும் தின்ன முடியாது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து 2015இல் வந்த ஆய்வில் 5 கிராம் வீதம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன். இது நம் வீட்டுக்கு ஒத்துவரும் அளவு. ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஏறக்குறைய 4 கிராம்.

நேரமும் முக்கியம். பசை வேலை செய்வது கூடவே போகும் சாப்பாட்டின் மேல். ஐந்து மணிக்குக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டால் இரண்டுக்கும் சந்திப்பே இருக்காது. சாப்பிட உட்காரும் முன் விதையை மென்று தின்று, ஊறிய தண்ணீரையும் குடியுங்கள். மெல்லாமல் விழுங்கினால் பாதி விதை முழுசாக வெளியே வந்துவிடும், மறுநாள் கண்ணுக்கே தெரியும். பல் சரியில்லை என்றால் அரைத்துக்கொள்ளலாம்.

ஓமலூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை அம்மா. வெந்தயத்தில் 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு, அது தண்ணீரில் கரையும். நான் தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறேன். வெறும் வயிற்று சர்க்கரை 160இலிருந்து 128க்கு வந்துவிட்டது.

அமினோ அமிலம் பற்றிச் சொன்னது சரி. அது கரையும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிறது என்று எலிகளிலும் ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஸ்பூன் விதையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீருக்கு வருவது மிகச் சிறிய அளவு. அது மனிதருக்கு 30 புள்ளி இறக்கும் என்று சொல்ல என்னால் முடியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன் ஐயா. வெந்தயத் தண்ணீருக்கு முன்னால் அந்த நேரத்தில் என்ன குடித்துக்கொண்டிருந்தீர்கள்?

ஓமலூர் ஆசிரியர்: டீதான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூட நாலு பிஸ்கட். அதை நிறுத்திவிட்டேன். சாயந்திரம் நடக்கவும் ஆரம்பித்தேன். ஆனாலும் என் உடம்பு எனக்குத் தெரியும்.

டீயும் பிஸ்கட்டும் போனதற்கும் நடைக்கும் உரிய பங்கை அவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை, அதில் கெடுதல் இல்லை. இரண்டு வாரம் அதற்குப் பதில் வெறும் தண்ணீர் குடித்து, நடையும் சாப்பாடும் மாறாமல், அளந்து பாருங்கள். 128 அங்கேயே நின்றால் யார் வேலை செய்தார்கள் என்று தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: அக்கா, எனக்கு 44 வயசு. காலையில் கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், மெட்பார்மின் 500. விதையோடு சாப்பிட்டால்தான் பலன் என்று கேள்விப்பட்டு இரண்டு ஸ்பூன் தின்றேன். வயிறு திம்மென்று இருந்ததால் பலகாரம் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்குப் பற்றவைக்கும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. பக்கத்துப் பட்டறை மெஷினில் பார்த்தால் 58. வெந்தயத்துக்கு இவ்வளவு சக்தியா?

தம்பி, அந்த 58க்கு முதல் காரணம் வெந்தயம் இல்லை. கிளிமெபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விடும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் அதைப் பலகாரத்தோடு போடச் சொல்வார்கள். இரண்டு ஸ்பூன் வெந்தயம் வயிற்றில் உப்பிப் பசியை அடக்கிவிட்டது. மாத்திரை உள்ளே, சாப்பாடு இல்லை, அதன் மேல் பட்டறை வேலை. வெந்தயம் தானாகவும் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படி நடப்பது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் வெந்தயத்தை மருந்தளவுக்கு ஏற்றக் கூடாது.

மறுபடி அப்படி நடுங்கினால் முதலில் பற்றவைக்கும் டார்ச்சை அணையுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து அளந்து, 70க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ பிரெட்டோ உடனே சாப்பிடுங்கள், இல்லையென்றால் திரும்ப இறங்கும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். இந்த 58ஐ எழுதி வைத்து மாத்திரை எழுதியவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, வெந்தயத்தை விடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சூரமங்கலத்திலிருந்து: எனக்கு வேறு பிரச்சினை. பத்து நாளாகக் காலையில் ஒரு பெரிய ஸ்பூன் நிறைய ஊறவைத்து விதையோடு சாப்பிடுகிறேன். வயிறு உப்புசம், காற்று, மூன்று நான்கு தடவை இளக்கமாகப் போகிறது. வீட்டுக்காரர் என் மேல் ஏதோ வாடை என்கிறார். உடம்பில் இருக்கும் கெட்டது வெளியேறுகிறது, போகட்டும் என்று அத்தை சொல்கிறார்.

கெட்டது எதுவும் வெளியேறவில்லை. பெரிய ஸ்பூன் என்றால் 10 கிராமுக்கு மேல். அந்தப் பசையை நம் குடல் செரிக்காது, பெருங்குடலில் இருக்கும் கிருமிகள்தான் அதைத் தின்று புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பில் வருவதுதான் காற்றும் உப்புசமும். பழக்கமில்லாத குடலுக்கு முதல் நாளே இவ்வளவு கொடுத்தால் தண்ணீரையும் இழுத்து இளக்கமாக விடும். சிலருக்கு நேர் எதிராக, தண்ணீர் குறைவாகக் குடித்தால், கட்டிக்கொள்ளும்.

வாடை பற்றிப் பயப்பட வேண்டாம். வெந்தயத்தில் இருக்கும் சோடோலோன் என்ற வாசனைப் பொருள் சிறுநீரிலும் வேர்வையிலும் இனிப்பு வாடையாக வெளிவரும். நிறுத்தினால் போய்விடும்.

நீங்கள் மெட்பார்மின் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அதுவும் இதே மாதிரி வயிற்றை இளக்கும், அதனால் இரண்டும் சேரும்போது குற்றவாளி யார் என்று குழம்பும். மாத்திரையைத் தொடாதீர்கள், வெந்தயத்தை மட்டும் ஒரு வாரம் நிறுத்துங்கள். அடங்கிவிட்டால் வெந்தயம்தான். அப்புறம் அரை டீஸ்பூனில் ஆரம்பித்து, வயிறு ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு அரை ஸ்பூன் ஏற்றி, உப்புசம் திரும்பும் இடத்துக்கு ஒரு படி கீழே நின்றுவிடுங்கள். பலருக்கு அந்த இடம் ஒரு டீஸ்பூன்தான். நிறுத்திய பிறகும் வயிறு அடங்கவில்லை என்றாலோ, ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ அது வெந்தய விவகாரம் இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

அதே கேள்விக்குக் கீழே, அழகாபுரத்திலிருந்து ஒருவர்: எனக்கும் இதே வாயுதான். நான் முளைகட்டிச் சாப்பிட ஆரம்பித்தேன், நன்றாக இருக்கிறது. முடி கொட்டுவதும் நிற்குமா?

முடிக்கு என்னிடம் பதில் இல்லை. முளைகட்டியதைப் பச்சையாகச் சாப்பிடுவதில் மட்டும் கவனம். 2011இல் ஜெர்மனியில் பரவி உயிர்ப்பலி வாங்கிய ஈ.கோலி தொற்றின் தடம் கடைசியில் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் போய் முடிந்தது. முளைக்கிற ஈரமும் சூடும் கிருமிக்கும் வசதி. ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நம் ஊரில் சித்திரை வைகாசி இரவுகளில் வெறுமனே ஊறுவதும் புளித்துவிடும். வழவழப்பு இருக்கலாம், கசப்பு இருக்கலாம். நுரை கட்டி, புளிச்ச வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் பிரிட்ஜில் ஊறவைப்பது நல்லது.

ஏற்காடு, நாகலூர்: இங்கே மார்கழிக் குளிரில் விதை கல்லு மாதிரியே இருக்கிறது. வெந்நீர் ஊற்றலாமா? மோரில் ஊறவைத்தால் வயிறு குளிருமே?

தாராளமாக வெந்நீர் ஊற்றுங்கள், சீக்கிரம் உப்பும். ஈரானிலிருந்து 2009இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் நாளுக்கு 10 கிராம் வெந்தயத்தைச் சிலருக்கு வெந்நீரில் ஊறவைத்தும் சிலருக்குத் தயிரில் கலந்தும் எட்டு வாரம் கொடுத்தார்கள். வெந்நீர்க்காரர்களுக்கு வெறும் வயிற்று சர்க்கரை இறங்கியது, தயிர்க்காரர்களுக்கு இறங்கவில்லை. ஏன் என்று தெளிவாகவில்லை, ஆட்களும் குறைவு. அதை வைத்து மோரை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் சர்க்கரைக்காகத்தான் என்றால் நான் வெந்நீர் பக்கம். ஊறாத விதையை வயதானவர்கள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது மட்டும் வேண்டாம், தொண்டையில் உப்பி அடைக்கலாம்.

மறுபடி அம்மாப்பேட்டை: எனக்கு மெட்பார்மின் மட்டும்தான். விதை வேலை செய்கிறதா என்று வீட்டு மெஷினிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஒரே பலகாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்று இட்லி, ஒரே சட்னி. மூன்று காலை வெந்தயம் இல்லாமல், அடுத்த மூன்று காலை வெந்தயம் ஊறிய தண்ணீர் மட்டும், அப்புறம் மூன்று காலை ஒரு டீஸ்பூன் விதையை மென்று. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் அளக்க வேண்டும். 210, 198, 215 என்று ஒரு வரிசையும் 204, 212, 199 என்று இன்னொரு வரிசையும் வந்தால் வித்தியாசம் இல்லை என்று அர்த்தம், ஏனென்றால் வீட்டு மெஷினே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். விதை தின்ற மூன்று நாளில் 170, 178, 165 என்று வந்தால் நம்பத் தொடங்கலாம். மூன்று மாதச் சராசரி இறங்கியதா என்பது அதற்குரிய ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

ஆத்தூரிலிருந்து: மகள் ஐந்து மாத கர்ப்பம், கர்ப்பகால சர்க்கரை என்றார்கள். தைராய்டு மாத்திரையும் உண்டு. கொடுக்கலாமா?

தோசை மாவில் போடும் வெந்தயம் சரி. ஸ்பூன் கணக்கில் மருந்தாக வேண்டாம், கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும், நார்ச்சத்து அதை உடம்பில் சேர விடாமல் இழுத்துக்கொள்ளும். கடலை, கொண்டைக்கடலை அவருக்கு ஒவ்வாது என்றால் வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம், அதையும் மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.