ஹூட் ஓடியும் வாடை போகவில்லையா?

"காக்கா, கீழக்கரையிலிருந்து லண்டன் வந்து நாலு மாசம் ஆகுது. ஓரறை ஃப்ளாட். தாளிச்சா அலாரம் அடிக்குது. சாளை பொரிச்சா மூணு நாளைக்குப் போர்வையில்கூட வாடை. அடுப்புக்கு மேலே ஹூட் ஓடத்தான் செய்யுது. என்ன செய்றது?"

தங்கச்சி, ஹூட்டை ஓடவிட்டு அதன் மேல்பக்கம், முன்பக்கத் துவாரங்களில் கையை வைத்துப் பாருங்கள். காற்று கையில் அடித்தால் புகை வெளியே போகவில்லை, அறைக்குள்ளேயே திரும்பி வருகிறது. அடியில் உள்ள உலோக வலை எண்ணெய்ப் பிசுக்கை மட்டும்தான் பிடிக்கும். வாடையைப் பிடிப்பது அதற்கு உள்ளே இருக்கும் கரி ஃபில்டர். தினமும் சமைக்கும் வீட்டில் அது சில மாதங்களில் நிரம்பிவிடும். சாதாரணக் கரி ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பதினாறு வருடம் வளைகுடாவில் ஹூட் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஃபில்டரே இல்லாத வெறும் கூட்டைக் காட்டி வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர்கள் எத்தனையோ பேர்! ஒப்பந்தத்தில் 'ஹூட் உண்டு' என்று ஒரு வரி இருக்கும். காற்று எங்கே போகிறது என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். காலி செய்யும்போது மட்டும் வாடை என்று சொல்லி முன்பணத்தில் கழிப்பார்கள். ஃபில்டர் இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு இன்றே எழுத்தில் கேளுங்கள். வாடையைப் போக்கும் ஓசோன் மெஷின் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

சரி, தாளிப்பு. செக்கு நல்லெண்ணெய் சுமார் 180 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். ரீஃபைன்ட் கடலை எண்ணெய் 220 தாண்டியும் தாங்கும். அதை மிதமான சூட்டில் வைத்து ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். அது வெடித்தால் மீதியைப் போட்டு மூடிவிடுங்கள். வெடிப்பு அடங்கியதும் சட்டியை அடுப்பைவிட்டே தள்ளி வையுங்கள், மின்சார அடுப்பு அணைத்த பிறகும் சுடும். மிளகாய் வற்றலும் கறிவேப்பிலையும் அந்த மிச்சச் சூட்டிலேயே பொரியும். மிளகாய் கருகினால்தான் இருமலும் அலாரமும் வரும். அலாரத்தைத் துணியால் மூடிவிடாதீர்கள். நல்லெண்ணெய் மணம் வேண்டுமென்றால் குழம்பை இறக்கிய பின் ஒரு கரண்டி ஊற்றுங்கள்.

சாளைக்கு இதெல்லாம் பத்தாது. சீலாத் துண்டென்றால் கொஞ்சம் எண்ணெயில் வாட்டி எடுத்துவிடலாம். சாளை கொழுப்பு மீன். அந்தக் கொழுப்பு சட்டியில் தெறித்து, ஆவியோடு ஏறிப் போர்வை வரைக்கும் போய் ஒட்டும். இப்படிப்பட்ட ஹூட்டின் கீழே சாளையைச் சட்டியில் பொரிக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பத்து நிமிடம் ஊறட்டும், கழுவி ஈரம் ஒற்றி மசாலா தடவுங்கள். தட்டில் பேக்கிங் தாள் விரித்து, மீன்மேல் எண்ணெய் பூசி, 220 டிகிரி ஓவனில் சுமார் 15 நிமிடம் வைத்தால் தோல் மொறுமொறுவென்று வரும். ஓவன் கதவைத் திறக்குமுன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அப்புறம் கால்மணி நேரம் அப்படியே இருக்கட்டும். போர்வையும் துணியும் முன்கூட்டியே அலமாரிக்குள் போகட்டும். அந்தத் தாளையும் முள்ளையும் பையில் கட்டி அன்றிரவே வெளியே போட்டுவிடுங்கள்.