கடை மூடும் அறிவித்தல்: யாருக்கு முதலில்?

"வெள்ளவத்தையில் சின்னத் தையல்கடை. மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மாதக் கடைசியோடு மூடுகிறேன். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதுமா?"

போதாது அக்கா. கதவில் ஒட்டுவது கடைசி வேலை. வேலை செய்கிறவர்கள் அதை வாடிக்கையாளர் வாயால் கேட்கக்கூடாது. முதலில் அவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள். கடைசி வேலைநாள், மிச்சச் சம்பளம், ஈ.பி.எஃப். கட்டிய மாதம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது புறக்கோட்டைத் துணிக்காரர். பின்திகதியிட்ட செக் கொடுத்திருப்பீர்கள்தானே? கணக்கை இப்போதே மூடினால் அது திரும்பி வரும், பிறகு பெயர் கெட்டுவிடும். நான் ஒரு செக்கை மறந்து பட்ட பாடு போதும். கடைசிச் செக் மாறும்வரை கணக்கில் காசு இருக்கட்டும். திகதிகளை அவருக்கு எழுதியே அனுப்புங்கள்.

வாடிக்கையாளருக்கு, பில் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக அழையுங்கள். துணியும் முற்பணமும் உங்களிடம் இருக்கிறதே. கதவில் தமிழிலும் சிங்களத்திலும் இப்படி எழுதலாம்: "31ஆம் திகதியுடன் கடை நிரந்தரமாக மூடப்படுகிறது. 20ஆம் திகதிக்குப் பின் புதிய தையல் எடுக்கமாட்டோம். தைக்காத துணிக்கு முற்பணம் முழுதாகத் திருப்பித் தரப்படும், பில்லைக் கொண்டுவரவும்." கீழே, மூடிய பிறகும் வேலைசெய்யும் தொலைபேசி எண்.