புகை நாட்களில் ஒரே ஒரு அறையைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: வயலில் தாள் எரிக்கிற புகை வீட்டுக்குள் வருகிறது. ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் போதுமா? ஒன்றரை வயதுக் குழந்தையும் ஆஸ்துமா உள்ள பாட்டியும் இருக்கிறார்கள்.

போதாது. ஈரத்துணி சாம்பலைப் பிடிக்கும். ஆனால் நுரையீரலின் அடிவரை போகிற புகைத்துகள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் சிறியது. துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாக நுழைந்துவிடும்.

வீடு முழுவதையும் காக்கப் பார்க்காதீர்கள். ஜன்னல் குறைவாக உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, இருவரையும் அதிலேயே தூங்க வையுங்கள். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டுங்கள், கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடக்கூடாது. அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, இடுக்குகள் வழியே புகை உள்ளே வரும்.

அடுத்தது ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர். பெட்டியில் CADR என்று ஓர் எண் இருக்கும், கருவி எவ்வளவு சுத்தமான காற்று தருகிறது என்பதை அது சொல்லும். உதாரணமாக 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி. புகைக்கான CADR நிமிடத்துக்கு 120 கன அடி என்றால், மணிக்கு 7200, அதாவது அறைக்காற்று ஆறு முறை வடிகட்டப்படும். இது நல்ல அளவு. மணிக்குக் கன மீட்டரில் போட்டிருந்தால் சுமார் 204. இந்த எண் முழு வேகத்துக்கானது. சத்தத்துக்குப் பயந்து குறைந்த வேகத்தில் வைத்தால் பலன் சரிந்துவிடும். ஓசோன் வெளியிடும் கருவி வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாவைக் கிளறிவிடும். கொசுவத்தி, ஊதுபத்தி, வறுவல் எல்லாம் அதே நுண்துகளைத்தான் தரும், அந்த நாட்களில் தவிருங்கள்.

ஸ்ப்ளிட் ஏசி பெரும்பாலும் அறைக்காற்றையே சுழற்றும். குளிர்விக்கும், புகையை வடிகட்டாது. ஏசி இல்லாமல் அறை சூடேறினால் பாட்டிக்கு வெப்பமே பெரிய ஆபத்து. அப்போது குளிர்ச்சியான வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வெளியே புகை குறையும் வேளையில் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுங்கள்.

குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம். இரண்டு வயதுக்குள் மூச்சடைக்கும் அபாயம் உண்டு. வெளியே கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு. பாட்டி வெளியே போயே ஆகவேண்டுமென்றால் N95, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டையும் மாட்டி. மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி வளைத்து, பலமாக மூச்சு விடச் சொல்லுங்கள். கண்ணோரம் காற்று பட்டாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ அது சரியாகப் பொருந்தவில்லை. சர்ஜிக்கல் மாஸ்க்கில் கன்னத்தோரம் எப்போதுமே திறப்பு இருக்கும். N95 போட்டதும் மூச்சுத் திணறுகிறது என்றால் கழற்றிவிடுங்கள். அவருக்கு அது ஏற்றதா என்று மருத்துவரிடம் முன்பே கேட்பது நல்லது. இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் போனால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்தால், உதடு நீலமானால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனை. பாட்டிக்கு நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம், இன்ஹேலர் போட்டும் அடங்காத இழுப்பு இருந்தாலும் அப்படியே.