பெரியப்பச்சி கர்த்தாதான், ஆனால் எதுவரை?

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. பாட்டையா கட்டியது. 1952இல் பாகம் பிரிந்தபோது அய்யா பங்குக்கு வந்தது. அப்பத்தா முன்பே போய்விட்டார். அத்தைமார் கிடையாது. அய்யா 1974இல் காலமான பிறகு பெரியப்பச்சி, என் தகப்பனாரான அப்பச்சி, சித்தப்பா மூவரும் வேறு வைத்துவிட்டாலும் வீட்டைப் பிரிக்கவில்லை. அப்பச்சி 2011இல் இறந்தார். இப்போது பெரியப்பச்சி 90 லட்சத்துக்கு விலை பேசி 10 லட்சம் அச்சாரம் வாங்கிவிட்டார். "ஓடு ஒழுகுது, ரிப்பேருக்கு நாலு லட்சம் கேக்குறான், நான்தான் கர்த்தா, யார் கையெழுத்தும் வேண்டாம்" என்கிறார். இரண்டாங்கட்டில் நான்கு கதவு நிலைகளைப் பழம்பொருள் கடைக்கும் கொடுத்துவிட்டார். பெண் பிள்ளை நான் கேட்க முடியுமா? – ஒரு வாசகி, கோவை

பதில்: கேட்கலாம் ஆச்சி. ஆனால் சீக்கிரம் கேட்க வேண்டும். கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் உங்கள் வேலை இரண்டு மடங்காகிவிடும்.

முதலில் பெரியப்பச்சி சொல்வதில் எது சரி என்று பார்ப்போம். அவர் கர்த்தா, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் மூத்தவர், என்பது சரி. "வேறு வைத்தாச்சே, இனி ஏது கூட்டுக் குடும்பம்?" என்று பலர் நினைக்கிறார்கள். வளவைச் சுற்றி ஆளுக்கொரு இரட்டை வீடு, தனித்தனி அடுப்பு, தனித்தனி வரவுசெலவு என்பது நம் பக்கத்து வழக்கம். நீதிமன்றம் அடுப்பை மட்டும் வைத்துப் பாகப்பிரிவினை ஆனதாகச் சொல்லிவிடாது. சொத்து சேர்ந்தே இருக்கும்வரை மூத்தவர் அதை நிர்வகிக்கலாம்: வாடகை வாங்கலாம், வரி கட்டலாம், வழக்கு நடத்தலாம், தேவைப்பட்டால் கடனும் வாங்கலாம். (உங்கள் கடிதத்தில் அத்தைமார் இல்லை என்று எழுதியது நல்லதாயிற்று. இருந்திருந்தால் அய்யாவின் பங்கு வேறு கணக்காகியிருக்கும்.)

ஆனால் வீட்டை விற்பது நிர்வாகத்தில் சேராது. கர்த்தா தனியாகக் கையெழுத்துப் போட்டு விற்றால் அது மற்றவர்களைக் கட்டுப்படுத்த ஒரு காரணம் வேண்டும்: குடும்பத்துக்கு உண்மையான அவசியம், அல்லது சொத்துக்கு நன்மை, அல்லது ஈமக்கடன் போலத் தவிர்க்க முடியாத கடமை. பெண் கல்யாணம், குடும்பத்துக் கடன், வைத்தியச் செலவு எல்லாம் அவசியத்தில் வரும். ஒழுகும் ஓடும் வரலாம். அதற்காக அவர் ஒரு தோட்டத்தை விற்றிருந்தால் நானே கேள்வி கேட்க மாட்டேன். நாலு லட்சம் ரிப்பேருக்கு 90 லட்சம் வீடு என்றால் அந்தக் கணக்கு எடுபடாது.

"நல்ல விலை வருது, அதனால குடும்பத்துக்கு நன்மைதானே" என்று அடுத்து சொல்வார். அதற்கும் உச்ச நீதிமன்றம் 1964இலேயே, பால்முகுந்த் – கமலா வதி வழக்கில், பதில் சொல்லிவிட்டது. அங்கேயும் ஒரு கர்த்தா குடும்ப நிலத்தில் ஒரு பங்கை நல்ல விலைக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். வயதுவந்த தம்பிகளைக் கலந்து பேசவில்லை. விலை கூடுதல் என்பது மட்டும் நன்மையாகாது என்று நீதிமன்றம் சொல்லி, ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுத்துவிட்டது. உங்கள் வீட்டு நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, இப்போதே தடையாணை வாங்கலாமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கர்த்தா விற்கப் போகிறார் என்பதற்காக மட்டும் பங்காளி தடையாணை கேட்க முடியாது. விற்ற பிறகு அவசியம் இல்லையென்று எதிர்த்து வழக்குப் போடலாம் என்று 1988இல் சுனில் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு விதிவிலக்கை மட்டும் விட்டுவைத்தது: கர்த்தா சொத்தைப் பாழாக்கினாலோ, பங்காளியை வெளியே தள்ளினாலோ தடையாணை தரலாம். கதவு நிலைகளை விற்றது அந்த விதிவிலக்குக்குள் வரும் என்பது என் கருத்து. பர்மா தேக்கு நிலையை ஒருமுறை பெயர்த்துவிட்டால் எந்தத் தீர்ப்பும் அதைத் திரும்ப வைக்காது. ஆகவே வீட்டின் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும், பெயர்த்த இடங்களோடு சேர்த்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

அதைவிட உறுதியான வழி வேறொன்று. கர்த்தாவின் அதிகாரம் கூட்டுக் குடும்பத்தில் நீங்கள் இருக்கும்வரைதான். "நான் பிரிகிறேன், என் பாகத்தைத் தாருங்கள்" என்று நீங்கள் தெளிவாகச் சொல்லி, அது அவர்களுக்குத் தெரியவந்துவிட்டால் சட்டப்படி நீங்கள் பிரிந்தவர். மற்றவர்கள் சம்மதம் வேண்டியதில்லை, வீட்டை அளக்கவும் வேண்டியதில்லை. 1963இன் ராகவம்மா வழக்குத் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு உங்கள் பாகத்தை அவர் கர்த்தாவாக விற்க முடியாது. அவர் விற்றாலும் உங்கள் பாகம் அதில் சேராது. ஆனால் நோட்டீஸ் அவர் கைக்குச் சேர்வதற்கு முன் கிரயம் பதிவாகிவிட்டால், வாங்கியவருக்கு அதற்குள் வந்த உரிமையை அந்த நோட்டீஸ் தொடாது. அதனால்தான் அவசரம் என்றேன்.

பெண் பிள்ளை என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி. 2020இல் வினீதா சர்மா தீர்ப்பு இதை உறுதிசெய்தது. உங்கள் விஷயத்தில் அப்பச்சி 2005இல் உயிரோடு இருந்ததால் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: 2004 டிசம்பர் 20க்கு முன்பே மூவரும் பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியிருந்தால் கதை மாறும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும்.

நோட்டீஸை வழக்கறிஞர் மூலம், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி பதிவுசெய்த விரைவுத் தபாலில் பெரியப்பச்சிக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்புங்கள். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருந்தால் அவர்கள் பெயரையும் சேருங்கள். அப்பச்சியின் பங்கில் அவர்களுக்கும் பாத்தியம் உண்டு. அதே நகலை வாங்குபவருக்கும் அனுப்ப மறக்காதீர்கள். அவசியம் இருந்தது, அல்லது நான் நேர்மையாக விசாரித்தே வாங்கினேன் என்று காட்டும் பொறுப்பு 1856இன் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து வாங்கியவர் தலையில்தான் இருக்கிறது. உங்கள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விசாரித்தேன் என்று சொல்ல முடியாது. பல கிரயங்கள் அந்தத் தபாலோடு நின்றுவிடும்.

இந்தச் சமயத்தில் "சும்மா ஒரு சம்மதக் கடிதம்" என்று யாராவது நீட்டினால் அம்மாவையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். வயதுவந்தவர்கள் சம்மதித்துவிட்டால் அவசியம் இருந்ததா என்ற கேள்வியே எழாது.

பெரியப்பச்சி தன் பிரியாத பாகத்தைத் தனியாக விற்பதை நீங்கள் தடுக்க முடியாது, நம் சென்னை வழக்கச் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் வெளியாள் வாங்கினால் வளவுக்குள் வந்து குடியேற முடியாது. பாகம் கேட்டு வழக்குத்தான் போட வேண்டும். போட்டால் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பாகத்தை நீங்களோ சித்தப்பாவோ வாங்கிக்கொள்ளலாம். சித்தப்பாவிடம் இதை முதலில் பேசுங்கள். அவரும் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் வாங்க வந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதற்கு 90 லட்சம் கொடுக்க யாரும் வரமாட்டார்.