‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது, பெட்டி குளிரவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே கோளாறைப் பற்றியவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஐஸ்பெட்டியின் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ‘டக்’. கம்ப்ரஸர் மட்டும் ஓடுவதில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் லயத்து வீட்டில் இரண்டு கதவு ஐஸ்பெட்டி. உள்ளே லைட் எரிகிறது. பின்னால் பத்து விநாடி ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, பிறகு ‘டக்’. இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. டவுனிலிருந்து வந்தவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “கம்ப்ரஸர் போச்சு, புதுசா வாங்குங்க” என்று சொல்லிவிட்டார். உண்மையா?

கையை வைத்துப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கிளம்ப முடியாமல் திணறும் எந்தக் கம்ப்ரஸரும் சுடத்தான் செய்யும்.

முதலில் அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குள் இரண்டு பாகங்கள். ஒன்று ஸ்டார்ட் ரிலே, மற்றது ஓவர்லோட். இப்போதைய சாதாரணப் பெட்டிகளில் ரிலே என்பது ஒரு பி.டி.சி. வில்லைதான். அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது, சத்தமும் போடாது. ‘டக்’ என்பது ஓவர்லோடின் சத்தம். மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடானதும், அதற்குள் இருக்கும் உலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறியதும் திரும்ப ஒட்டிக்கொள்கிறது, மறுபடியும் முனகல் தொடங்குகிறது. ஆகவே ஓவர்லோட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மோட்டார் ஏன் சுழலவில்லை என்பதே நாம் தேட வேண்டியது.

மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஓடுவதற்கு ஒன்று, கிளப்பிவிடுவதற்கு ஒன்று. பி.டி.சி. வில்லை குளிர்ந்திருக்கும்போது கிளப்பும் சுருளுக்குக் கரண்ட் விடும். மோட்டார் கிளம்புவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் வில்லை சூடாகித் தன் வழியை ஏறக்குறைய அடைத்துவிடும். வில்லை உடைந்துபோனால் கிளப்பும் சுருளுக்கு ஒன்றும் போகாது. ஓட்டச் சுருள் மட்டும் தனியாக நின்று முனகும். நீங்கள் கேட்கும் ‘ம்ம்ம்’ அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதிக்கும் முறை இது. சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மூடியின் கம்பிப் பிடியை நெம்பி எடுத்தால் ரிலேயும் ஓவர்லோடும் தெரியும். எந்த வயர் எங்கே இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன கெப்பாசிட்டர் ஒன்று சேர்ந்திருந்தால் அதன் முனைகளைக் கையால் தொடாதீர்கள். அதிலுள்ள மின்னை இறக்கத் தெரிந்தவர் செய்யட்டும். பிறகு ரிலேயை ஆட்டாமல் நேராக இழுங்கள்.

பி.டி.சி. ரிலேயைக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே மணல் போட்டதுபோல் சலசலத்தால் வில்லை நொறுங்கிவிட்டது. கருகிய வாடையோ, பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறையோ இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மல்டிமீட்டர் வைத்திருந்தால், கம்ப்ரஸரின் இரண்டு பின்கள் நுழையும் துளைகளுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். நம் ஊர் 230 வோல்ட் பெட்டிகளுக்கு, ஆறிய நிலையில் சுமார் 15 முதல் 50 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உடைந்தது. ஓவர்லோடின் இரு முனைக்கிடையே ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். ஆறிய பிறகும் திறந்தே இருந்தால் அதுவும் போய்விட்டது. ஆனால் உங்கள் ஓவர்லோட் ‘டக்’ போடுவதால் அதன் மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை.

இனி கம்ப்ரஸரின் மூன்று பின்கள். சி பொது, ஆர் ஓட்டம், எஸ் கிளப்பல். ஓவர்லோட் மாட்டியிருந்ததுதான் பொதுப் பின். ஒரு நல்ல மோட்டாரில் வரக்கூடிய கணக்கைச் சொல்கிறேன்: சி–ஆர் 17 ஓம், சி–எஸ் 23 ஓம், ஆர்–எஸ் 40 ஓம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது பாருங்கள். எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், இந்தக் கூட்டல் மாறாது. ஏதாவது ஒரு ஜோடியில் எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்தது. கடைசியாக ஒவ்வொரு பின்னுக்கும், பெயின்ட் சுரண்டிய செம்புக் குழாய்க்கும் இடையே மீட்டரின் உயர்ந்த ஓம் அளவில் பாருங்கள். முள் அசையக் கூடாது. அசைந்தால் சுருள் கம்ப்ரஸரின் இரும்பு உடம்பைத் தொடுகிறது, அந்தப் பெட்டிக்கு இனி கரண்ட் கொடுக்காதீர்கள்.

கூட்டல் சரி, உடம்பில் கசிவு இல்லை, ரிலே சலசலக்கிறது என்றால் அதே எண்ணுள்ள ரிலே ஒன்றை வாங்கி மாட்டுங்கள். புதுப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர் மீட்டரே எடுக்கவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

கேள்வி: ரிலேயைக் குலுக்கினேன், உள்ளே ஏதோ ஆடுகிறது. ஆனால் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றவா?

உங்களுடையது பழைய பெட்டியாக இருக்க வேண்டும். அதில் இருப்பது சுருளும் இரும்புத் துண்டும் உள்ள கரண்ட் ரிலே. அந்தத் துண்டு ஆடத்தான் வேண்டும். குலுக்கிப் பார்ப்பது பி.டி.சி. வகைக்கு மட்டுமே பொருந்தும். கரண்ட் ரிலேயைத் திரும்ப மாட்டும்போது மேல் பக்கம் மேலேயே இருக்கட்டும். சாய்த்தோ தலைகீழாகவோ மாட்டினால் வேலை செய்யாது. இந்த வகையில் எறும்பு புகுந்து தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடப்பதும் உண்டு. வீட்டில் எறும்புத் தொல்லை இருந்தால் மூடியைத் திறக்கும்போது அதையும் பாருங்கள்.

கேள்வி: புது ரிலே மாட்டினோம், ஓவர்லோடும் புதுசு. பகலில் சில நேரம் ஓடுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் ‘டக் டக்’ தான். கடைக்காரரிடம் கேட்டால் சாமான் ஒரிஜினல் என்கிறார்.

நேரத்தைக் குறிப்பிட்டு எழுதியது நல்லது, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பாகம் கெட்டிருந்தால் பகல், இரவு பார்க்காது. மாலையில் எல்லா வீட்டிலும் லைட், காற்றாடி, அரிசிக் குக்கர் என்று ஏறும்போது உங்கள் வரிசைக்கு வரும் வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மலேசியாவில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். 216 முதல் 253 வரை இருந்தால் அது அனுமதித்த எல்லைக்குள். ஆனால் சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை. கம்ப்ரஸர் முனகும் அந்தப் பத்து விநாடிக்குள் அளக்க வேண்டும். சிறிய கம்ப்ரஸர் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய ஒரு ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே. கிளம்பும்போதோ அதுபோல் பல மடங்கு. வயர் மெலிந்ததாகவோ, முடிச்சு தளர்ந்ததாகவோ இருந்தால் அந்த ஒரு நொடியில் வோல்ட் சரிந்துவிடும்.

ஒரு கணக்கு. சுவரில் 228 வோல்ட். அங்கிருந்து மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர், அதிலிருந்து இன்னொன்று, அதன் முனையில் பெட்டி. முனகும்போது பெட்டியின் பிளக் அருகே 188 என்று காட்டுகிறது, சுவரிலோ அதே நேரத்தில் 224. அப்படியானால் 36 வோல்ட் அந்த வயர்களில்தான் தொலைகிறது. பெட்டியை நகர்த்தி நேரே சுவர் பிளக்கில் செருகினால் தீர்ந்தது. மாறாகச் சுவரிலேயே 190-க்கு இறங்கினால் அது வீட்டு வயரிங் அல்லது வெளி லைன் சம்பந்தப்பட்டது. பிளக் முனையில் கருகல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். அண்டை வீட்டிலும் இதே நேரத்தில் இறங்குகிறது என்றால் தெனாகா நேஷனலிடம் புகார் செய்யுங்கள்.

கரண்ட் கசியாமல், வோல்ட்டும் 220-க்கு மேல் நின்று, பொருத்தமான புது ரிலேயும் இருந்து, அப்படியும் முனகி ‘டக்’ போட்டால் உள்ளே எந்திரம் இறுகியிருக்கிறது. கிளாம்ப் மீட்டர் வைத்தால், துண்டிக்கும் வரை கரண்ட் உயர்ந்தபடியே நிற்கும், கீழே இறங்காது. அப்போதுதான் ‘கம்ப்ரஸர் போச்சு’ என்று நானும் சொல்வேன். பத்து வருடம் ஓடிய பெட்டிக்குக் கம்ப்ரஸர் மாற்றச் சொல்லமாட்டேன்.

கேள்வி: இடி மழையில் கரண்ட் போய் உடனே வந்தது. அதிலிருந்து பத்து நிமிடம் ‘டக் டக்’. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. ஆபத்தா?

இல்லை. கரண்ட் போனபோது பி.டி.சி. வில்லை இன்னும் சூடாகத்தான் இருந்தது, கிளப்பும் சுருளுக்கு வழி விடவில்லை. குழாய்க்குள் இருபக்க வாயு அழுத்தமும் சமமாகவில்லை. அந்த அழுத்தத்துக்கு எதிராக இந்தச் சிறு மோட்டாரால் கிளம்ப முடியாது. இடி மழை நாளில் கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். இதே தொல்லை கரண்ட் போகாத நாளிலும் வந்தால் மட்டும் மேலே சொன்ன சோதனைகளுக்குப் போங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணன், “ஓவர்லோடை எடுத்துட்டு வயரை நேரா ஜாயின் பண்ணிடுடா, டக் சத்தமே வராது” என்கிறார்.

சத்தம் வராது, அது உண்மை. நின்றுபோன மோட்டாருக்கு விடாமல் கரண்ட் போய்ச் சுருள் எரியும், பின்னைச் சுற்றிய கண்ணாடி அடைப்பு வெடித்து எண்ணெயும் வாயுவும் வெளியேறவும் கூடும். அண்ணனிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரிஜினல் ரிலே கிடைக்கவில்லை. எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் என்று மூன்று வயர் உள்ள ஒன்றைக் கடையில் தருகிறார்கள். மாட்டலாமா?

பெட்டியின் பின்னாலோ உள்ளேயோ உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். வாயு ஆர்600ஏ என்றிருந்தால் அது எரியக்கூடிய வாயு. தீப்பொறி வெளியே தெறிக்கக்கூடிய எந்த ரிலேயும் அதற்கு ஆகாது, அதே மாடலுக்கானதைத் தேடுங்கள். ஆர்134ஏ என்றால், உங்கள் கம்ப்ரஸரின் குதிரைசக்திக்குப் பொருத்தமானதாக இருந்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஆனால் அதில் சேர்ந்திருக்கும் கெப்பாசிட்டர் கூடுதல் உதை கொடுத்து, இறுகத் தொடங்கிய கம்ப்ரஸரையும் கொஞ்ச நாள் ஓட்டிவிடும். கோளாறு தீர்ந்ததாக நம்பிவிடாதீர்கள். ஓடும் கரண்ட்டை அளந்து, பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்னுடையது இன்வெர்ட்டர் பெட்டி. மூன்று பின்னுக்கும் ஒரே ஓம் காட்டுகிறது. சுருள் கெட்டதா?

கெடவில்லை, அதில் மூன்றும் சமமாகத்தான் இருக்கும். அந்த வகையில் பி.டி.சி. ரிலே கிடையாது, கம்ப்ரஸரைக் கிளப்புவது ஒரு போர்டு. மேலே எழுதிய சோதனைகளில் உடம்புக் கசிவைப் பார்ப்பது மட்டுமே அதற்குப் பொருந்தும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் போர்டில் மின் தேங்கியிருக்கும். அதைத் திறக்காமல், போர்டு பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.