பேட்ச் மேலே சூயிங்கம்: வாங்குவோர் கேள்வி-பதில்

தினம் 25 சிகரெட். கண் விழித்ததும் முதல் வேலை அதுதான். மருந்துக்கடையில் “சின்னதில் ஆரம்பியுங்கள்” என்று 7 மி.கி. நிக்கோடின் பேட்ச் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே மறுபடி பிடித்துவிட்டேன்.
– அம்மாபேட்டை, சேலம்

உங்கள் மேல் தப்பில்லை. கடைசி இரண்டு வாரத்துக்கு ஒட்ட வேண்டியதை முதல் நாளே விற்றிருக்கிறார்கள். ஒரு சிகரெட்டில் சுமார் 1 மி.கி. நிக்கோடின் உடம்புக்குள் போகும். 25 கேட்டுப் பழகிய உடம்புக்கு 7 எந்த மூலைக்கு? பத்துக்கு மேல் பிடிப்பவர் 21 மி.கி.யில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 14, அப்புறம் இரண்டு வாரத்தில் 7 என்று இறங்குவதுதான் வழக்கம்.

ஆனால் உங்களுக்கு 21 மட்டும் போதாது. பேட்ச் மெதுவாக வேலை செய்யும். முழு அளவு இரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகும் அது நாள் முழுக்கச் சீராகத்தான் கொடுக்கும். டீக்கடை வாசலில் சட்டென்று வரும் ஆசைக்கு அதனால் ஏறிக் கொடுக்க முடியாது. அந்த இடத்தை நிக்கோடின் சூயிங்கம் நிரப்புகிறது.

காலை 6 மணிக்கு எழுந்ததும் புதுப் பேட்சை ஒட்டுங்கள். பேட்ச் ஏறும்வரை காத்திருக்காமல் கையோடு ஒரு 2 மி.கி. சூயிங்கம் வாயில் போடுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் வேளைகளைக் கணக்கெடுத்து, ஆசை வருவதற்குச் சற்று முன்பே ஒன்று. பேட்சோடு சேர்க்கும்போது பெரும்பாலும் நாளுக்கு ஐந்தாறு போதும். 15-ஐத் தாண்ட வேண்டாம். அப்படியும் அடங்காவிட்டால் 4 மி.கி. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் இதையெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சூயிங்கம் சுத்த ஏமாற்று. காப்பி குடித்துக்கொண்டே மென்றாலும் ஆசை அடங்கவில்லை. விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.
– ஏற்காடு

காப்பியோடு மென்றதுதான் காரணம். இதைச் சொல்லாமலே அட்டையை நீட்டும் கடைக்காரர்கள் மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இந்தச் சூயிங்கம்மின் நிக்கோடின் வயிற்றுக்குப் போவதற்கல்ல, கன்னத்தின் உள்தோல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டியது. வாயில் புளிப்புத் தன்மை இருந்தால் அது கன்னத்தில் ஏறாது. காப்பி, எலுமிச்சை ஜூஸ், கோலா எல்லாமே அந்தக் கெடுதலைச் செய்யும். எச்சிலோடு விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும், மீதி வயிற்றைக் கிளறும். உங்கள் விக்கலும் எரிச்சலும் அப்படி வந்தவைதான்.

போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மெதுவாக மெல்லுங்கள். மிளகுக் காரம் போல் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்க ஒரு நிமிடம் ஆகும். மறுபடி மென்று, இந்தத் தடவை வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம் போனால் காரமே வராது, அப்போது துப்பிவிடலாம். விடாமல் மெல்வது சாதாரண பபிள்கம்முக்குத்தான்.

காப்பித் தோட்டத்து ஊர்க்காரர் என்பதால் இன்னொன்று. புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் காஃபினை வேகமாகக் கரைக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் குறையும், அதே நான்கு டம்ளர் காப்பி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் அதனால் வரும். நிக்கோடின் அதிகமாகிவிட்டது என்று பயந்து பேட்சைப் பிய்த்து எறிபவர்கள் நிறைய. முதலில் காப்பியைப் பாதியாக்குங்கள்.

பேட்ச் ஒட்டியிருக்கும்போது ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். பேட்சைக் கழற்றவா?
– செவ்வாய்ப்பேட்டை

வேண்டாம். சிகரெட்டை அணையுங்கள், பேட்ச் இருக்கட்டும்.

காசு மிச்சமாகட்டும் என்று பேட்சைப் பாதியாக வெட்டி இரண்டு நாள் ஒட்டுகிறேன். சரிதானே?
– ஐந்து ரோடு

சரியில்லை. சில வகைகளில் வெட்டிய ஓரத்தில் மருந்து கசியும், வெட்டிய துண்டில் எவ்வளவு மருந்து வருகிறது என்பதும் தெரியாது. 21 வாங்கி அதில் பாதியை ஒட்டுவது, மருந்தைக் காசு கொடுத்து வாங்கிக் குறைத்துக்கொள்வது. குறைந்த அளவு வேண்டுமென்றால் அந்த அளவுப் பேட்சையே வாங்குங்கள்.

இணையத்தில் ‘மூலிகைப் பேட்ச்’ வாங்கினேன். ஆசை துளியும் குறையவில்லை. பணம் போனதுதானா?
– ஓமலூர்

பாவம், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் இணையத்தில் காலாவதித் தேதி பார்க்காமல் ஓர் அட்டை வாங்கி முழுப் பணத்தையும் இழந்திருக்கிறேன். அட்டையில் ‘நிக்கோடின்’ என்ற பெயரும் எத்தனை மி.கி. என்பதும் இல்லையென்றால் அது இந்த மருந்தே இல்லை. பில், விளம்பரத்தின் படம் இரண்டையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதுவரை அதை ஒட்டுவதை நிறுத்திவிடுங்கள்.