முதல் சம்பளம் வந்ததும் கார் எடுக்கலாமா?

கேள்வி: டிப்ளோமா முடித்துவிட்டேன். குலிம் தொழில்நுட்பப் பூங்காவில் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில். கார் இப்போதே வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பொறுங்கள் தம்பி. கார் கடையில் கடன் விண்ணப்பம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. ஆகவே இதைச் சொல்வதால் எனக்கு லாபம் ஒன்றுமில்லை.

முதலில் உங்கள் சம்பளச் சீட்டைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட், ஓவர்டைம் 600 என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 11 விழுக்காடு, சொக்சோ எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 2,360. விற்பனையாளரும் நீங்களும் தவணையைக் கணக்கிடுவது இந்தத் தொகையை வைத்துத்தான். ஆனால் ஆர்டர் குறைந்த மாதத்தில் தொழிற்சாலை முதலில் நிறுத்துவது ஓவர்டைமைத்தான். அன்றைக்குக் கையில் நிற்பது 1,760 அளவே. வங்கிக்கு இரண்டு மாதமும் ஒரே மாதம்தான்.

இப்போது கார் பக்கம். 50,000 ரிங்கிட் கார், 5,000 முன்பணம், மீதி 45,000 கடன். முழுக் கடன் தொகைக்கும் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 14,175 ஆகிறது. மாதத் தவணை சுமார் 548. அதோடு காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், சர்வீஸ். முதல் காப்புறுதியில் உங்களுக்குக் கோரிக்கையின்மைக் கழிவு கிடையாது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால்தான் 25 விழுக்காட்டில் தொடங்கும். எல்லாம் சேர்த்தால் மாதம் 900-ஐத் தாண்டும் என்று தாராளமாகச் சொல்லலாம். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் பாதிச் சம்பளத்தைக் கார் தின்றுவிடும். படிப்புக் கடன் வேறு காத்திருக்கிறது.

இது பலருக்கும் தெரியும். பலர் பார்க்காதது மூன்றாம் வருடத்தை. முதல் வேலை நிலைப்பது அரிது. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ நல்ல வாய்ப்பு வரும், காரை விற்றுவிடலாம் என்று வருவார்கள். 36 மாதத்தில் கட்டியது 19,700-க்கு மேல். வங்கியில் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஏறக்குறைய 33,000 என்று பதில் வரும். தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால் அசல் 12,000 அளவுதான் கரைந்திருக்கும். கார் அந்தப் பாக்கிக்கும் குறைவாக விலைபோனால் வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டுத்தான் விற்க முடியும். முன்பணமே இல்லாமல் எடுத்தவர்களுக்கு இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். சிலர் எதிர்முனையில் நின்று, தமிழில் எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருக்கிறார்கள்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடைசித் தவணை வரை கார் வங்கியின் உடைமை. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், அறிவிப்புக் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். ஏலத்தில் விற்ற பணம் போதாவிட்டால் மீதியை உங்களிடம் கேட்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடமும் கேட்பார்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவரிடம் வங்கி பெரும்பாலும் ஜாமீன் கேட்கும். நம் பக்கத்தில் அது யார்? செம்பனை வெட்டி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வருமானம் இல்லை என்று தள்ளிவிட்டு, அடுத்துக் கல்யாணம் வைத்திருக்கும் அண்ணனைக் கூட்டி வருவார்கள். அவர் பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது உங்கள் காரும் அவர் கோப்பில் வந்து நிற்கும்.

ஆகவே சோதனைக் காலம் முடிந்து வேலை உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை தொழிற்சாலை பஸ்ஸில் போங்கள். எங்கே நின்று ஏற்றுவார்கள், இரவு ஷிப்ட் முடிந்து தோட்டத்து முச்சந்திவரை வருமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பஸ் பெரிய சாலையோடு நின்றுவிட்டால் அந்த மண்சாலைக்கு ஒரு பழைய கப்சாய் போதும். மழைக்காலத்தில் சிரமம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பஸ்ஸில் போகும் மாதங்களில் காருக்கு ஆகும் அந்த 900-ஐத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், ஓவர்டைம் வராத மாதத்தில் அதைத் தொடாமல் இருக்க முடிகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சேர்ந்தது முன்பணமாகவும் ஆகும்.

ஒரு விலக்கு உண்டு. வேலையே காரில் ஊர் ஊராகப் போவது என்றால், பயணப்படி எழுத்தில் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். அல்லது பஸ்ஸே வராத ஷிப்டில் தங்கையும் நீங்களும் ஒரே இடத்தில் வேலை செய்து செலவைப் பகிர்ந்துகொண்டால், அப்போதும் கணக்கு மாறும். அந்த விவரம் கேள்வியில் இல்லை. இருந்தால் கீழே எழுதுங்கள், உங்கள் எண்களைப் போட்டே பார்த்துவிடலாம்.